வாரம், நாள், மணி: மூன்று சார்ட்டுகளையும் இணைத்துப் பங்கு வாங்குவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் இந்தியச் சந்தையில் பங்குகளை டெலிவரியாக வாங்கிச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அன்றே வாங்கி அன்றே விற்பவர்களுக்கு இதே தர்க்கம் வேறு கால அளவுகளில் பொருந்தும் என்றாலும், அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று சார்ட்டும் ஏறுமுகமாக இருக்கும்போது வாங்கினால்தானே பாதுகாப்பு?

இந்த முறையைக் கற்றுக்கொள்ளும் பெரும்பாலோர் முதலில் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்; நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன். வாரச் சார்ட் ஏறுகிறது, நாள் சார்ட் ஏறுகிறது, மணிச் சார்ட்டும் ஏறுகிறது என்று மூன்றிலும் பச்சையைப் பார்த்து வாங்கிய பங்குகள், வாங்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இறங்கத் தொடங்கும். போக்கைப் பற்றிய என் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறிக்கொண்டிருப்பது, நாள் சார்ட்டின் ஏற்றம் ஏற்கனவே நெடுந்தூரம் போய்விட்டது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கிறது. அந்த இடத்தில் வாங்கினால் அடுத்து வருவது பின்வாங்கல். ஸ்டாப் லாஸ் அதில் அடிபட்ட பிறகு பங்கு மீண்டும் ஏறும்.

நுழைவு பெரிய போக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதன் பொருள் வேறு. வாரச் சார்ட் ஏறுமுகமாக இருக்க வேண்டும். நாள் சார்ட் அந்த ஏற்றத்துக்கு எதிராகச் சில நாட்கள் இறங்கியிருக்க வேண்டும். மணிச் சார்ட் அந்த இறக்கம் முடிகிறது என்பதை முதலில் காட்ட வேண்டும். அதாவது நாம் தேடும் தருணத்தில் நடுவிலுள்ள சார்ட் சிவப்பாகவே இருக்கும். வாரச் சார்ட் திசையைச் சொல்கிறது, நாள் சார்ட் இடத்தைச் சொல்கிறது, மணிச் சார்ட் நேரத்தைச் சொல்கிறது. ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றொன்றிடம் கேட்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று சார்ட்டுகளும் மூன்று தனித்தனிச் சாட்சிகள் அல்ல, ஒரே விலையை மூன்று அளவில் சுருக்கிய படங்கள். 20 வார நகரும் சராசரியும் 100 நாள் நகரும் சராசரியும் ஏறக்குறைய ஒரே கோடுதான். ஆகவே மூன்றும் ஒத்துப்போவதால் சான்று மூன்று மடங்காகிவிட்டது என்று நினைத்து முதலீட்டுத் தொகையைக் கூட்டுவது தவறு.

வாரப் போக்கு ஏறுமுகமா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எத்தனை இண்டிகேட்டர் வேண்டும்?

ஒரு நகரும் சராசரியும், உச்சங்களையும் தாழ்வுகளையும் பார்க்கும் கண்ணும் போதும். கடைசியாக முடிந்த வாரத்தின் முடிவு விலை 20 வார சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். அந்தச் சராசரி நான்கைந்து வாரங்களுக்கு முன்பு இருந்ததைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அண்மைய வார உச்சமும் வாரத் தாழ்வும் அவற்றுக்கு முந்தையவற்றைவிட உயர்ந்திருக்க வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் அந்தப் பங்கை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். 20 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. 18 வைத்தாலும் 25 வைத்தாலும் முடிவு பெரிதும் மாறாது. பங்குக்குப் பங்கு எண்ணை மாற்றி, வாங்க நினைத்ததை வாங்குவதற்கு ஏற்ற கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் ஆபத்து.

பார்ப்பதற்கு முன், போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்காகப் பழைய விலைகள் சரிசெய்யப்பட்டுள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சரிசெய்யப்படாத வாரச் சார்ட்டில், 1:1 போனஸ் வந்த வாரம் விலை பாதியாகச் சரிந்ததுபோலத் தெரியும். அதன் பிறகு ஐந்து மாதங்களுக்குச் சராசரி பொய் சொல்லும்.

இன்று புதன்கிழமை. இந்த வாரத்தின் கேண்டில் பெரிய சிவப்பாக இருக்கிறது. வாரப் போக்கு மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.30 வரை அது வாரக் கேண்டில் ஆவதில்லை. மூன்று நாள் விலையை ஒரே பெட்டியில் அடைத்த படம் மட்டுமே.

2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். மே 31, வெள்ளியன்று நிஃப்டி 22,530.70-இல் முடிந்திருந்தது. வார இறுதியில் வந்த கருத்துக்கணிப்புகளை நம்பித் திங்களன்று 23,263.90-க்கு ஏறியது. செவ்வாய், ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள்: இடையில் 21,281.45 வரை சரிந்து 21,884.50-இல் முடிந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீத இழப்பு. அன்று மாலை வாரச் சார்ட்டைத் திறந்தவருக்கு, ஏப்ரல், மே மாதத் தாழ்வுகளையெல்லாம் உடைத்துக்கொண்டு கீழே போன ஒரு நெடிய சிவப்புக் கேண்டில் தெரிந்தது. வாரப் போக்கு முறிந்தது என்று சொல்ல இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. வெள்ளி, ஜூன் 7 அன்று நிஃப்டி 23,290.15-இல் முடிந்தபோது அந்தச் சிவப்புக் கேண்டில் காணாமல் போய், அதன் இடத்தில் சிறிய உடலும் நீண்ட கீழ்வாலும் கொண்ட வேறொரு கேண்டில் நின்றது. முந்தைய வார முடிவைவிட அந்த வாரம் 759 புள்ளிகள் அதிகம். வார முடிவு விலைகளை மட்டும் பார்த்தவருக்குப் போக்கு ஒரு கணமும் மாறவில்லை.

எல்லாச் சரிவும் இப்படி மீளும் என்று சொல்வதற்காக இதைக் காட்டவில்லை. மீளாத வாரங்களும் உண்டு, அப்போது வெள்ளி முடிவைப் பார்த்து வெளியேறுபவர் செவ்வாயே வெளியேறியவரைவிடக் கூடுதலாக இழப்பார். அந்தக் கூடுதல் இழப்பைத் தடுப்பது நாள் சார்ட்டின் அடிப்படையில் வைத்த ஸ்டாப் லாஸின் வேலை. போக்கைப் பற்றிய தீர்ப்பும் பணத்தைக் காக்கும் ஏற்பாடும் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

இதே சிக்கல் ஸ்கேனர்களிலும் ஒளிந்திருக்கிறது. நாள் அல்லது மணிச் சார்ட்டின் மீது வாரச் சராசரியை வரையும்போது, நடப்பு வாரத்தின் மதிப்பு வெள்ளி வரை மாறிக்கொண்டே இருக்கும். பழைய சார்ட்டிலோ இறுதி மதிப்பு மட்டும் நின்று, எல்லாம் முன்பே தெரிந்ததுபோலத் தோற்றம் தரும். டிரேடிங்வியூவில், முடிந்த வாரத்தின் மதிப்பை மட்டும் எடுக்க இப்படி எழுதலாம்:

```
//@version=5
indicator("Weekly EMA closed", overlay=true)
w = request.security(syminfo.tickerid, "W", ta.ema(close, 20)[1], lookahead=barmerge.lookahead_on)
plot(w)
```

இதில் `[1]` என்பதே முந்தைய, முடிந்த வாரத்தைக் குறிக்கிறது. அதை நீக்கிவிட்டு `lookahead_on` மட்டும் வைத்தால், திங்கட்கிழமையே வெள்ளிக்கிழமையின் விலை தெரிந்ததுபோலப் பழைய சார்ட் காட்டும். அப்படிச் சோதித்துப் பார்க்கும் எந்த உத்தியும் பிரமாதமாக லாபம் தரும், திரையில் மட்டும்.

நாள் சார்ட்டில் எவ்வளவு இறங்கினால் அது பின்வாங்கல், எவ்வளவு இறங்கினால் சரிவு?

சதவீதத்தை வைத்து எல்லை போட முடியாது. இறக்கம் எங்கே போய் நிற்கிறது என்பதே கேள்வி. முன்பு எதிர்ப்பாக இருந்து உடைக்கப்பட்ட பழைய உச்சம், ஏறிக்கொண்டிருக்கும் 50 நாள் சராசரி ஆகிய இரண்டும் அருகருகே அமையும் பகுதியையே நான் இடமாகக் குறித்துவைக்கிறேன். ஒரு கோட்டைவிட ஒரு பட்டை என்று சொல்வது பொருத்தம். விலை ஒரு ரூபாய் துல்லியத்தில் திரும்புவதில்லை. பட்டையைத் தொடாமலே பங்கு ஏறிப்போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும், அதுதான் இந்த முறையில் மிகவும் கடினமான பகுதி.

மணிச் சார்ட்டில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?

நாள் சார்ட்டில் ஒன்பது நாள் இறக்கமாகத் தெரிவது, மணிச் சார்ட்டில் ஒன்றைவிட ஒன்று தாழ்ந்த உச்சங்களின் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையின் கடைசி உச்சத்துக்கு மேல் ஒரு மணிக் கேண்டில் முடிவடைவதே அறிகுறி. அதற்கு முன் ஒரு தாழ்வு முந்தையதைவிடச் சற்று உயரத்தில் அமைந்திருந்தால் இன்னும் நல்லது. விலை அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் போதாது, கேண்டில் அதற்கு மேல் முடிய வேண்டும்.

நம் சந்தைக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. தேசியப் பங்குச் சந்தையின் வழக்கமான நேரம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை, மொத்தம் 375 நிமிடங்கள். 60 நிமிடக் கேண்டில்களாகப் பிரித்தால் ஆறு முழுக் கேண்டில்களும், 3.15-இல் தொடங்கும் 15 நிமிடத் துண்டு ஒன்றும் வரும். அந்தத் துண்டையும் நகரும் சராசரி ஒரு முழுக் கேண்டிலாகவே எண்ணுகிறது. பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டியவர்கள் அவசரமாக விற்கும் நேரத்தில் அமையும் அந்தத் துண்டின் முடிவை அறிகுறியாக எடுத்துக்கொண்டு நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். இதைத் தவிர்க்கவே நம்மூரில் பலரும் 75 நிமிடச் சார்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். 375-ஐ 75 மிச்சமின்றி வகுப்பதால் நாளுக்குச் சரியாக ஐந்து சமமான கேண்டில்கள் கிடைக்கும். 60 நிமிடத்திலேயே இருக்க விரும்புபவர்கள் 3.15 துண்டில் வரும் அறிகுறியை மறுநாள் முதல் மணிக் கேண்டில் முடியும்வரை ஏற்காமல் இருக்கலாம்.

ஓர் உதாரணத்தைக் கணக்கோடு விளக்க முடியுமா?

பங்கின் பெயரை விட்டுவிடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

வாரச் சார்ட்டில் ஒரு பங்கு 735 ரூபாய் உச்சம் தொட்டு, முந்தைய தாழ்வைவிட உயரமான 690-க்கு இறங்கி, பிறகு 812 வரை ஏறியிருக்கிறது. 20 வார சராசரி 721-இல், ஏறுமுகமாக இருக்கிறது. கடைசி இரண்டு வாரங்கள் சிவப்பு. சென்ற வெள்ளி முடிவு 788. உச்சமும் தாழ்வும் உயர்ந்திருப்பதாலும் விலை சராசரிக்கு மேலே இருப்பதாலும் திசை ஏற்றம். இந்தத் தீர்ப்பு அடுத்த வெள்ளி மாலை வரை மாறாது.

நாள் சார்ட்டில் பழைய உச்சம் 735, 50 நாள் சராசரி 748. ஆகவே 735 முதல் 750 வரை நமது பட்டை. திங்கள், செவ்வாய் இரு நாளும் பங்கு இறங்கி, செவ்வாய் பிற்பகல் 744-ஐத் தொடுகிறது. பட்டைக்குள் வந்துவிட்டது. இன்னும் வாங்கவில்லை.

மணிச் சார்ட்டில் திங்களின் உச்சம் 781, செவ்வாயின் உச்சம் 770, புதனின் உச்சம் 763 என்று இறங்கிக்கொண்டே வருகின்றன. ஆனால் புதன் பிற்பகலின் தாழ்வு 747. செவ்வாயின் 744-ஐவிட உயரம். வியாழனன்று 11.15 கேண்டில் 765-இல் முடிகிறது. கடைசி உச்சமான 763 உடைந்துவிட்டது, 766-இல் வாங்குகிறோம்.

ஸ்டாப் லாஸ் பட்டைக்குக் கீழே, 732-இல். பங்கு ஒன்றுக்கு 34 ரூபாய் அபாயம். முதலீட்டுக் கணக்கில் 5 லட்சம் இருந்து, ஒரு வணிகத்தில் அதன் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 5,000-ஐ 34-ஆல் வகுக்க 147 பங்குகள். போடும் தொகை சுமார் 1,12,600 ரூபாய்.

இப்போது ஒரு நெருடல் எழுகிறது. அண்மைய உச்சமான 812 வரை போனால் கிடைப்பது 46 ரூபாய். 34 ரூபாய் அபாயத்துக்கு அது 1.35 மடங்குதான். இந்த விகிதத்துக்காக மட்டும் நான் இந்தப் பங்கை வாங்க மாட்டேன். வாங்குவதற்கான காரணம், வாரப் போக்கு ஏறுமுகமாக இருப்பதால் 812-ஐத் தாண்டும் என்று எதிர்பார்க்க இடமிருப்பது. வாரச் சார்ட் தரும் அனுமதி இல்லையென்றால் இதே நாள் சார்ட்டும் இதே மணிச் சார்ட்டும் வாங்கத் தகுதியற்றவை.

வெள்ளி காலை முதல் மணியில் பங்கு 739 வரை இறங்கி, 758-இல் முடிகிறது. 732 தப்பித்தது. அடுத்த இரு வாரங்களில் 812-ஐ எட்டும்போது 73 பங்குகளை விற்கிறோம். மீதி 74 பங்குகளுக்கு ஸ்டாப் லாஸை நாள் சார்ட்டின் அண்மைத் தாழ்வுக்குக் கீழே ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் 829-இல் வெளியேறுகிறோம். முதல் பாதியில் 3,358, இரண்டாம் பாதியில் 4,662. வரி, தரகு போன்ற கழிவுகளுக்கு முன் 8,020 ரூபாய். எடுத்த அபாயத்தின் 1.6 மடங்கு. பெருமைப்படும்படியான கணக்கு இல்லை, ஆனால் இந்த முறையின் நல்ல வணிகங்களில் பலவும் இந்த அளவில்தான் முடியும்.

அதே உதாரணத்தில் மணிச் சார்ட்டின் தாழ்வான 747-க்குக் கீழே, 745-இல் ஸ்டாப் லாஸ் வைத்தால் அபாயம் 21 ரூபாயாகக் குறையுமே?

காகிதத்தில் குறையும். விகிதம் 2.2 ஆகும், 238 பங்குகள் வாங்கலாம். வெள்ளி காலை 739-க்கு இறங்கியபோது அந்த ஸ்டாப் லாஸ் அடிபட்டு, மதியம் சந்தையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வாங்கியதற்கான காரணம் நாள் சார்ட்டின் பட்டை. அந்தப் பட்டை உடையும்போதுதான் காரணம் பொய்க்கிறது. மணிச் சார்ட் எப்போது நுழையலாம் என்று மட்டுமே சொன்னது. சில வாரங்கள் வைத்திருக்கப்போகும் பங்குக்கு, ஒரு மணி நேரத்தின் சாதாரண அசைவை வைத்து வெளியேறும் இடத்தைத் தீர்மானிப்பது அளவுகோலை மாற்றிப் பிடிப்பதாகும். மேலும், டெலிவரியாக வைத்திருப்பவர் ஒவ்வோர் இரவும் சந்தை மூடியிருக்கும் நேரத்தைக் கடக்கிறார். காலையில் பங்கு இடைவெளியோடு திறந்தால், 745 ஸ்டாப் லாஸ் 738-இல் நிறைவேறக்கூடும். 21 ரூபாய் என்று நினைத்தது 28 ஆகிவிடும், அதுவும் 238 பங்குகளுக்கு. 5,000 என்று வரம்பு வைத்த இழப்பு 6,664-இல் போய் நிற்கும். அபாயம் அதிகமாகத் தெரிந்தால் பங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஸ்டாப் லாஸை நெருக்காதீர்கள்.

வாரச் சார்ட் இறங்குமுகம், நாள் சார்ட் வேகமாக ஏறுகிறது. என்ன செய்வது?

டெலிவரி வணிகருக்கு விடை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ரொக்கச் சந்தையில் கையில் இல்லாத பங்கை விற்று அன்றைக்கு மேல் வைத்திருக்க நமக்கு எளிய வழியில்லை. ஃபியூச்சர்ஸ் சந்தையில் உள்ள பங்குகளுக்கு அந்த வழி உண்டு, ஆனால் மார்ஜினும் லாட் அளவும் வேறு கணக்கைக் கேட்கும். பெரும் சரிவுக்குப் பிறகு வரும் முதல் ஏற்றத்தை இந்த முறை எப்போதும் தவறவிடும். வாரச் சார்ட் திரும்பியதை உறுதிசெய்வதற்குள் பங்கு அடியிலிருந்து கணிசமாக ஏறியிருக்கும். அது இந்த முறைக்கான கட்டணம். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் வேறு முறையைத் தேடுவதே நல்லது.

வாரச் சார்ட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால்?

சராசரி தட்டையாகி, விலை அதன் மேலும் கீழுமாக மாறிமாறிக் கடந்துகொண்டிருந்தால் நாள் சார்ட்டின் பின்வாங்கலுக்குப் பின்னால் எந்தத் துணையும் இல்லை. அந்தப் பங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு எந்தச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

நாள் சார்ட்டை, சந்தை மூடிய பிறகு ஒருமுறை. வெள்ளி மாலை வாரச் சார்ட்டையும் சேர்த்து. மணிச் சார்ட்டின் வேலை வாங்கிய நிமிடத்தோடு முடிந்துவிட்டது. அதைத் தொடர்ந்து பார்ப்பவர், லாபத்தில் இருக்கும்போது சிறு சிவப்பைக் கண்டு முன்கூட்டியே விற்பார்.

நட்டத்தில் இருக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். நாள் சார்ட்டின் ஸ்டாப் லாஸ் உடையப்போகிறது என்று தெரிந்ததும் கை தானாக வாரச் சார்ட்டைத் திறக்கும். ‘690 வரை இடம் இருக்கிறதே, வாரப் போக்கு இன்னும் முறியவில்லையே’ என்று மனம் சொல்லும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 147 பங்குகள் என்ற எண்ணிக்கை 732-ஐ வைத்துப் போடப்பட்ட கணக்கு. 690 வரை காத்திருந்தால் பங்குக்கு 76 ரூபாய், மொத்தம் 11,172 ரூபாய் போகும். வாரப் போக்கு முறியாமலே 732 உடைந்தால் விற்றுவிட்டு வெளியே வாருங்கள். போக்கு நிலைத்திருந்தால், இதைவிடத் தாழ்ந்த ஒரு பட்டையில் மணிச் சார்ட் இன்னொரு முறை அதே அறிகுறியைக் காட்டும். அப்போது புதிய கணக்கோடு மீண்டும் வாங்கலாம்.